டிக்கெட் பணத்தைப் பணமாகவே கேளுங்கள்

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. "தவிர்க்க முடியாத காரணங்களால் 12ஆம் தேதி நடக்கவிருந்த இசை நிகழ்ச்சி நடைபெறாது. உங்கள் டிக்கெட்டின் முழு மதிப்பும் கிரெடிட்டாக உங்கள் கணக்கில் சேர்க்கப்படும். புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்." கீழே "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான். "எனக்குப் பணம் வேண்டும்" என்பதற்குப் பொத்தான் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினால், இல்லை.

இதைப் படிக்கிற பலரும், விஷயம் முடிந்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் எரிச்சலோடு பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தி ஏற்பாட்டாளர் எடுத்துவிட்ட முடிவாக உங்களைக் கட்டுப்படுத்தாது. அவர் உங்கள் முன் வைக்கிற ஒரு யோசனை அது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதை எழுத்தில், சீக்கிரமாக, கிரெடிட்டைத் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும்.

டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். இன்ன கலைஞர், இன்ன இடத்தில், இன்ன நாளில் பாடுவார். அதற்கு இவ்வளவு பணம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது. இதில் நாளை மாற்றுவதோ, பாட்டுக்குப் பதிலாகக் கிரெடிட் தருவதோ அந்த ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதாகும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 62இன்படி அதற்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஏற்பாட்டாளர் தனியாக உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. நீங்கள் பதில் எழுதாமல் இருந்ததால் சம்மதித்துவிட்டீர்கள் என்றும் ஆகாது.

ஆனால் செயல் சம்மதமாகிவிடும். "ஏற்கிறேன்" பொத்தானை அழுத்தினால், அல்லது அந்தக் கிரெடிட்டில் வேறொரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கினால்கூட, பணத்துக்குப் பதிலாக இதைப் பெற்றுக்கொண்டேன் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக எதிர்த்தரப்பு சொல்லும். அதே சட்டத்தின் பிரிவு 55, நாள் முக்கியமான ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது. சொன்ன நாளில் ஒருவர் செய்யத் தவறி, மற்றவர் வேறொரு நாளில் அதை ஏற்றுக்கொண்டால், முதல் நாள் தவறியதால் வந்த நஷ்டத்தைப் பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே "நஷ்டத்தைக் கேட்பேன்" என்று தெரிவித்திருந்தால்தான் உண்டு. தேதி சொல்லி டிக்கெட் விற்கிற இசை நிகழ்ச்சியைவிட நாள் முக்கியமான ஒப்பந்தம் வேறென்ன இருக்கிறது? ஆகவே செய்தி வந்த அன்று எதையும் அழுத்தாமல் இருப்பதுதான் முதல் வேலை.

ஏற்பாட்டாளர் ஏன் கிரெடிட்டையே நீட்டுகிறார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் கடிதத்தில் எதற்குப் பதில் சொல்கிறோம் என்பது புரியும். மைதான வாடகைக்கும், கலைஞருக்கும், மேடை, ஒலி, ஒளி அமைப்பவர்களுக்கும் அட்வான்ஸ் போயிருக்கும். நிகழ்ச்சி நின்றாலும் அதில் எல்லாம் திரும்பி வராது. ரசிகர்களின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டால் அந்தப் பள்ளத்தை நிரப்பலாம். சிரமம் உண்மையானதுதான். ஆனால் அதன் பொருள், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஏற்பாட்டாளருக்கு வட்டியில்லாக் கடன் தருகிறார்கள் என்பதே. அவர் தொழிலை மூடிவிட்டால் கிரெடிட் வைத்திருப்பவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. நிகழ்ச்சி நிற்கும் ஆபத்துக்குக் காப்பீடு எடுக்க வழி இருக்கிறது. அதை எடுப்பதும் எடுக்காததும் ஏற்பாட்டாளரின் வியாபார முடிவு. டிக்கெட் வாங்கியவர் அதற்குப் பொறுப்பாக முடியாது.

அடுத்து வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "மழைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" நியாயமான கேள்வி. இதற்கு விடை ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

நிகழ்ச்சி நிற்பதற்கான காரணங்களை இரண்டாகப் பிரிக்கலாம். டிக்கெட் போதுமான அளவு விற்கவில்லை, போலீஸ் அனுமதியை நேரத்துக்கு வாங்கவில்லை, கலைஞரோடு பணத் தகராறு என்பவை ஏற்பாட்டாளரின் பொறுப்பில் வருகிறவை. அங்கே ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது. பணமும் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். புயல், வெள்ளம், பாடகருக்குத் திடீர் நோய் போன்றவை யார் கையிலும் இல்லாதவை. இங்கே பிரிவு 56 வருகிறது: செய்யவே முடியாத நிலை வந்துவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும், ஏற்பாட்டாளர் மீது மீறல் பழி இல்லை. பல ஏற்பாட்டாளர்கள் இந்தப் பிரிவோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குச் சில பக்கம் தள்ளி பிரிவு 65 இருக்கிறது. ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், அதன் கீழ் ஒருவர் பெற்ற பயனைக் கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஏற்பாட்டாளர் பெற்ற பயன் உங்கள் டிக்கெட் பணம். ஆக, மழை பெய்தால் நஷ்டஈடு கேட்கும் வழி அடைபடும். டிக்கெட் பணம் திரும்பி வரும் வழி அடைபடாது.

இந்தச் சட்டக் கருத்து வளர்ந்ததே ஒரு கச்சேரி வழக்கில்தான். லண்டனில் சர்ரே கார்டன்ஸ் என்ற இடத்திலிருந்த இசை அரங்கத்தை 1861இல் நான்கு நிகழ்ச்சிகளுக்காக ஒருவர் வாடகைக்குப் பேசியிருந்தார். முதல் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு அரங்கம் தீயில் எரிந்துபோனது. யார் மீதும் குற்றமில்லை, இரு தரப்பும் கடமையிலிருந்து விடுபடுகிறார்கள் என்று 1863இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ஏற்கெனவே கொடுத்த பணத்தின் கதி என்ன என்பதில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் நீண்ட நாள் தடுமாறின. கொடுத்த பணம் கொடுத்ததுதான் என்ற 1904ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று 1942 வரை நிலைத்திருந்தது. இந்தியாவிலோ 1872இலேயே பிரிவு 65 எழுதப்பட்டுவிட்டது. இந்த விஷயத்தில் நம் சட்டம் முன்னால் நிற்கிறது.

கொரோனா காலத்தில் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது. ஜெர்மனி, கச்சேரி ஏற்பாட்டாளர்கள் பணத்துக்குப் பதில் வவுச்சர் தரலாம் என்று 2020 மே மாதம் ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதுவும் 2020 மார்ச் 8க்கு முன் வாங்கிய டிக்கெட்டுகளுக்கு மட்டும். 2021 முடிவதற்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகத் தந்துவிட வேண்டும். நம் நாட்டில் ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்டது. பணநெருக்கடியில் இருக்கும் விமான நிறுவனம் "கிரெடிட் ஷெல்" தரலாம் என்று அதில் இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் அதன் மதிப்பு மாதாமாதம் கூட வேண்டும், இன்னொருவருக்கு மாற்றித் தரலாம், 2021 மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகத் திரும்ப வேண்டும். நாடே முடங்கிய நேரத்தில்கூட, கிரெடிட்டைத் தலையில் கட்டுவதற்கு ஒரு சட்டமோ நீதிமன்ற உத்தரவோ தேவைப்பட்டது. அப்போதும் முடிவில் பணம் என்ற கதவு திறந்தே இருந்தது. சாதாரண நாளில் ஒரு ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப் செய்தியால் அந்தக் கதவைச் சாத்த முடியாது.

ரத்தும் ஒத்திவைப்பும் ஒன்றல்ல. இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் நடக்கவிருந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. அன்று டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாதவர்கள் ஏராளம். டிக்கெட்டின் நகலையும் குறையையும் மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். புதிய தேதி உடனே அறிவிக்கப்பட்டு, அதே கலைஞர், அதே ஊர் என்றால் ஏற்பாட்டாளரின் வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகள், குறையுள்ள சேவைக்கும் தாமதமான சேவைக்கும் பணத்தைத் திருப்பித் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. கூடவே, இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் வந்த தாமதத்துக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கும் வைத்திருக்கின்றன. ஏற்பாட்டாளர் இந்த விலக்கைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் புதிய தேதியே இல்லாமல் "பின்னர் அறிவிக்கப்படும்" என்றால் அது தாமதம் ஆகாது. நாளும் இல்லை, இடமும் இல்லை, சில சமயம் அதே கலைஞர் என்ற உறுதியும் இல்லை. கடிதத்தில் அதை ரத்து என்றே எழுதுங்கள். "ஒத்திவைக்கப்பட்ட நிகழ்ச்சி" என்ற அவர்களுடைய சொல்லை நீங்களும் எழுதினால் அவர்கள் வாதத்தை நீங்களே ஏற்றதாகிவிடும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் இருக்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 2025 ஜூலை 12, சனிக்கிழமை நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு, தங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக நான்கு டிக்கெட் வாங்கினார்கள். ஒன்று 2,500 ரூபாய் வீதம் 10,000. டிக்கெட் விற்கும் தளத்தின் கன்வீனியன்ஸ் கட்டணம் 600, அதன் மேல் ஜி.எஸ்.டி. 108. கிரெடிட் கார்டில் போனது மொத்தம் 10,708. ரத்துச் செய்தி ஜூலை 10 அன்று வந்தது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததில் 880 ரூபாய் பிடித்தம், தங்கும் அறைக்குக் கொடுத்த முன்பணம் 2,000 போனது.

எழுத உட்காரும் முன் அவர்கள் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. டிக்கெட், பணம் பிடித்ததற்கான கார்டு ஸ்டேட்மென்ட் பக்கம், ரத்துச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட், நிகழ்ச்சி விளம்பரம். இவற்றோடு, டிக்கெட் பக்கத்திலுள்ள விதிமுறைகளை அன்றே சேமித்துவைக்க வேண்டும். ரத்தான பிறகு அந்தப் பக்கம் மாறிவிடலாம், காணாமலும் போகலாம்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். விளம்பரத்தில் இருக்கும் பளபளப்பான பெயர் பெரும்பாலும் வெறும் வணிகப் பெயர். அந்தப் பெயரில் ஒரு நிறுவனமே பதிவாகியிருக்காது. டிக்கெட்டிலோ ரசீதிலோ ஏற்பாட்டாளரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருந்தால், அதை `services.gst.gov.in` தளத்தில் வரி செலுத்துபவரைத் தேடும் பகுதியில் இட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயரும் தொழில் நடத்தும் முகவரியும் கிடைக்கும். கடிதம் அந்தப் பெயருக்கும் அந்த முகவரிக்கும் போக வேண்டும். நகல், டிக்கெட் விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு. அவருடைய பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று மேலே சொன்ன 2020 விதிகளே சொல்கின்றன. தளம் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று ஒதுங்கப் பார்க்கலாம். ஆனால் பணத்தை வாங்கியது அதன் வழியாகத்தான், கார்டுக்குத் திரும்புவதும் அதன் வழியாகத்தான்.

அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதையே அச்சிட்டுக் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்ப வேண்டும்.

"நாள்: 14.07.2025

பொருள்: 12.07.2025 அன்று நடக்கவிருந்து ரத்து செய்யப்பட்ட இசை நிகழ்ச்சி – பதிவு எண் …… – ரூ. 10,708ஐத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

மேற்படி நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கெட்டுகளை 02.06.2025 அன்று கிரெடிட் கார்டு மூலம் ரூ. 10,708 செலுத்தி வாங்கினேன். டிக்கெட்டின் நகலும், பணம் செலுத்தியதற்கான சான்றும் இணைத்துள்ளேன்.

நிகழ்ச்சி நடைபெறாது என்று 10.07.2025 அன்று தாங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. டிக்கெட் பணத்துக்குப் பதிலாகக் கிரெடிட் தருவதாக அதில் தெரிவித்துள்ளீர்கள். அந்தக் கிரெடிட்டை நான் ஏற்கவில்லை. அதைப் பயன்படுத்தவும் இல்லை. என் கணக்கில் அது சேர்க்கப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.

நான் பணம் செலுத்தியது 12.07.2025 அன்று நடக்கும் நிகழ்ச்சிக்கு. அது நடைபெறவில்லை. ஆகவே செலுத்திய முழுத் தொகை ரூ. 10,708ஐ, பணம் செலுத்திய அதே கார்டுக்கு 29.07.2025க்குள் திருப்பிச் செலுத்தி, அதற்கான பரிவர்த்தனை எண்ணைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

இது தவிர, ரயில் டிக்கெட் ரத்தில் ரூ. 880, தங்கும் அறை முன்பணத்தில் ரூ. 2,000 இழப்பு ஏற்பட்டது. நிகழ்ச்சி ரத்தானதன் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அது தங்கள் பொறுப்பில் வருவதாக இருந்தால் இத்தொகையையும் கோரும் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன். மேலே கேட்ட ரூ. 10,708 இதைச் சார்ந்தது அல்ல.

குறித்த நாளுக்குள் பணம் வராவிட்டால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,"

இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. "ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை" என்ற வரிதான் கடிதத்தின் உயிர். கோபத்தை இரண்டு பக்கம் எழுதி இந்த வரியை விட்டுவிடுகிற கடிதங்களால் ஒரு பயனும் இல்லை. "நீக்கிவிடுங்கள்" என்று ஏன் எழுத வேண்டும்? கணக்கில் கிரெடிட் உட்கார்ந்திருந்தால், நீங்கள் வாங்கிக்கொண்டதாக ஆறு மாதம் கழித்து அவர்கள் காட்டுவார்கள்.

தேதி சொல்லிக் கேட்பதும் முக்கியம். "உடனடியாக" என்று எழுதினால் எந்த நாளில் அவர்கள் தவறினார்கள் என்று பின்னால் சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடும்போது, குறையுள்ள சேவைக்கான பணத்தைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதையும் சேர்த்திருக்கிறது. 15 நாள் கெடு என்பது அதற்குள் அடங்குகிறது.

பயணச் செலவைத் தனிப் பத்தியில் வைத்ததைக் கவனியுங்கள். டிக்கெட் பணம் எந்தக் காரணத்தால் ரத்தானாலும் வர வேண்டியது. பயணச் செலவு அப்படி இல்லை. ஏற்பாட்டாளரின் தவறு என்று நிரூபணமானால்தான், அதுவும் வெளியூர் ரசிகர்கள் வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கக் கூடியது என்று காட்டினால்தான் வரும். இரண்டையும் கூட்டி ரூ. 13,588 என்று ஒரே தொகையாகக் கேட்டால், பயணச் செலவைப் பற்றிய வாக்குவாதத்திலேயே டிக்கெட் பணமும் மாட்டிக்கொள்ளும்.

கடிதத்தில் சட்டப் பிரிவுகள் எதையும் நான் சேர்க்கவில்லை. முதல் கடிதத்துக்கு அவை வேண்டியதில்லை. பதில் மறுப்பாக வந்தால் அடுத்த கடிதத்தில் 62, 65 ஆகிய இரண்டையும் குறிப்பிட்டால் போதும். "போலீஸில் புகார் கொடுப்பேன், சமூக வலைத்தளத்தில் நாறடிப்பேன்" என்ற மிரட்டல்களும் வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளை ஆணையத்தில் படிக்கப்போகிறார்கள். அங்கே அவை உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

மறுப்பாக வரும் பதிலில் ஒரு வாசகம் அநேகமாக இருக்கும்: "விதிமுறைகளின்படி டிக்கெட் பணம் திருப்பித் தரப்படமாட்டாது." துணிக்கடை பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பது போன்றதுதான் இது. அந்த வாசகம், பொருளை வாங்கிக்கொண்டு மனம் மாறி வருகிறவருக்கு. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையே தராத கடைக்கு அது உதவாது. அதேபோல, "நான் வரவில்லை, பணத்தைக் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்டால் இந்த விதி பொருந்தலாம். நிகழ்ச்சியை நிறுத்தியது அவர்கள். அந்த விதிமுறையில் ஏற்பாட்டாளரே ரத்து செய்தால் என்ன ஆகும் என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் அப்போது பணம் திரும்பும் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அந்த வரியை அப்படியே எடுத்து அடுத்த கடிதத்தில் போடலாம்.

எந்த நிலையிலும் பணம் கிடையாது, கிரெடிட் மட்டுமே என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் வழக்கு கொஞ்சம் கடினமாகும், ஆனால் தோற்றுவிடாது. ஒரு தரப்புக்கே சாதகமான நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019 சட்டத்தில் ஒரு வகை உண்டு. ஆனால் ஒரு நுட்பம்: நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் வெளிப்படையாக மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் தந்திருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்காக மாவட்ட ஆணையத்துக்குப் போகிறவர், அந்த விதி செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதைவிட, சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழ் பணத்தைக் கேட்பதே நல்லது.

கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால் கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியிடம், பணம் கட்டிய சேவை கிடைக்கவில்லை என்று சொல்லி சார்ஜ்பேக் கேட்கலாம். இதற்குப் பொதுவான காலம், சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். நம் மதுரைத் தம்பதிக்கு அது நவம்பர் 9 அன்று முடிகிறது. சில வங்கிகள் இன்னும் குறைவான கெடு வைத்திருக்கலாம் என்பதால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது பாதுகாப்பு. "புதிய தேதியை இன்னும் சில வாரங்களில் அறிவிக்கிறோம்" என்று மாதக்கணக்கில் இழுக்கிற ஏற்பாட்டாளரிடம் பொறுமையாகக் காத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பைத்தான் இழக்கிறார்கள். விற்றவரிடம் முதலில் கேட்டீர்களா என்று வங்கி கேட்கும். 14ஆம் தேதிக் கடிதம்தான் அதற்கு விடை. கிரெடிட்டை ஏற்றிருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இங்கே பதிவு செய்தால் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, பதில் கேட்கப்படும். பெரிய டிக்கெட் தளங்கள் பலவேளை இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். ஆனால் இந்த உதவி எண்ணுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகக் கடை விரித்த சிறிய ஏற்பாட்டாளர் பதிலே சொல்லாமல் இருந்துவிடலாம்.

அப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிகழ்ச்சி சென்னையில், ஏற்பாட்டாளர் பெங்களூரில் என்றாலும், 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் மதுரையில் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. `e-jagriti.gov.in` தளத்தில் இணைய வழியாகவே மனுவைப் போட முடியும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஏற்பாட்டாளரையும் டிக்கெட் தளத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பதற்கு இடம் இருக்காது. டிக்கெட் பணம், அதற்கு வட்டி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஈடு என்று கேட்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்ற எதிர்பார்ப்போடு போவது நல்லது.

தீர்ப்பு கிடைத்த பிறகும் பணம் தராவிட்டால், உத்தரவை நிறைவேற்றக் கோரி அதே ஆணையத்தில் மனு போடலாம். உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஏற்பாட்டாளரின் கணக்கில் எதுவுமே இல்லை, அலுவலகமும் பூட்டிக்கிடக்கிறது என்றால் இந்த அதிகாரமும் பணத்தை வரவழைத்துவிடாது. தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதற்கும், கார்டு வழியை முதலிலேயே முயல்வதற்கும் இதுதான் காரணம்.

வழக்குவரை போகாமல் பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் கடிதத்துக்கோ 1915 புகாருக்கோ பிறகு ஒரு நாள், "டிக்கெட் விலை ரூ. 10,000 மட்டும் திருப்பித் தரப்படும், கன்வீனியன்ஸ் கட்டணம் திரும்பாது, இத்துடன் முழுமையாகத் தீர்ந்தது என்று உறுதிசெய்யவும்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். மிச்சம் 708 ரூபாய் போனால் போகட்டும் என்று நினைப்பவர்கள் உறுதிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்; அதில் தவறில்லை. மிச்சத்தையும், ரயில், அறைச் செலவையும் கேட்க நினைப்பவர்கள் "முழுமையாக" என்ற சொல் இருக்கும் எதிலும் கையெழுத்திட வேண்டாம். "ரூ. 10,000 என் கோரிக்கையின் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது, மீதி நிலுவையில் உள்ளது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு, பணம் கார்டில் வரவாகியிருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்.